கட்டிலில் தொங்கும் அட்டை என்ன சொல்ல வேண்டும்?

நெய்வேலி சுரங்கத்தில் 30 வருஷம் வேலை பார்த்தவருக்கு எச்சரிக்கைப் பலகை ஒன்றும் புதிதல்ல. ஹெல்மெட் போடு, பூட்ஸ் போடு, ஓடும் பெல்ட்டைத் தாண்டாதே என்று தினமும் பார்த்துப் பழகியவர். அந்தப் பலகைகள் ‘ஆபத்து’ என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்பதில்லை. என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லும்.

அதே மனிதர் ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, இந்திரா நகர் பக்கமோ வடலூர் பக்கமோ வீடு கட்டிக் குடியேறி, 76 வயதில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் படுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் மஞ்சள் பட்டை கட்டுகிறார்கள். தலைமாட்டில் ‘விழும் அபாயம்’ என்று ஒரு அட்டை தொங்குகிறது. பக்கத்துக் கட்டிலிலும் அதே அட்டை. எதிர்க் கட்டிலிலும் அதே. முதியோர் வார்டில் எல்லோருக்கும்தானே விழும் அபாயம்? இரண்டாம் நாளே அந்த அட்டை சுவரோடு சுவராகிவிடும். அதிலும் ஒரு வேடிக்கை, அது தலைக்குப் பின்னால் தொங்குவதால் படுத்திருப்பவரைத் தவிர மற்ற எல்லோர் கண்ணுக்கும் தெரியும்!

இந்த அட்டையைப் பற்றி அமெரிக்காவில் பாஸ்டன் நகரைச் சேர்ந்த பாட்ரிசியா டைக்ஸ் என்ற நர்சிங் ஆராய்ச்சியாளர் தீவிரமாக யோசித்தார். அவருடைய குழு 4 ஆஸ்பத்திரிகளில் 8 வார்டுகளை எடுத்துக்கொண்டது. பாதி வார்டுகளில் வழக்கமான பொது எச்சரிக்கை. மீதிப் பாதியில், நர்ஸ் குறிக்கும் விவரங்களை வைத்து அந்த நோயாளிக்கென்றே கம்ப்யூட்டர் அச்சடித்துத் தரும் அட்டை. இவர் ஏன் விழக்கூடும், அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று படத்தோடு அதில் இருக்கும். வீட்டாருக்கும் ஒரு தாள் உண்டு.

2010-ல் முடிவு வெளியானது. 50 கட்டில் உள்ள ஒரு வார்டு 20 நாள் நிரம்பி இருந்தால் அது 1,000 நோயாளி-நாட்கள். அந்தக் கணக்கில் வழக்கமான வார்டுகளில் 4.18 பேர் விழுந்தார்கள், தனி அட்டை வைத்த வார்டுகளில் 3.15 பேர். 65 வயது தாண்டியவர்களுக்குத்தான் பலன் அதிகம். ஆனால் விழுந்து அடிபட்டவர்களின் எண்ணிக்கை குறைந்ததாக அப்போது நிரூபிக்க முடியவில்லை. பிறகு நோயாளியையும் குடும்பத்தாரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசியே அட்டையை நிரப்பும் முறை வந்தது. லேமினேட் செய்த சாதாரண அட்டையே போதும் என்றும் ஆனது. 14 வார்டுகளில் இதைச் செய்து பார்த்து 2020-ல் வெளியிட்டார்கள். விழுவது 15 சதவீதமும், அடிபடுவது 34 சதவீதமும் குறைந்திருந்தது.

ஆஸ்திரேலியாவில் கதை வேறு. 6 ஆஸ்பத்திரிகளின் 24 வார்டுகளில் எச்சரிக்கை அட்டை, தாழ்வான கட்டில், அலாரம் என்று 6 ஏற்பாடுகளை ஒரு தொகுப்பாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2016-ல் வந்த முடிவு, விழுவது குறையவே இல்லை என்பதுதான். அட்டை தொங்கினால் மட்டும் ஒன்றும் ஆகிவிடாது.

சரி, நம் 76 வயதுக்காரருக்கு வருவோம். விழும் அபாயத்தை அளக்க மோர்ஸ் அளவுகோல் என்று ஒன்று உண்டு. ஆறே கேள்விகள். அண்மையில் விழுந்தாரா? இரண்டு மாதம் முன்பு கொல்லையில் விழுந்தார், 25 மதிப்பெண். ஒன்றுக்கு மேல் வியாதியா? சிறுநீர்த் தொற்றோடு சர்க்கரையும் உண்டு, 15. கைத்தடி பிடிக்கிறாரா? ஆமாம், 15. டிரிப்ஸ் ஏறுகிறதா? ஆமாம், 20. நடை எப்படி? தளர்ந்த நடை, 10. தன் பலத்தைச் சரியாக எடை போடுகிறாரா? “எனக்கு என்ன, நானே போயிட்டு வந்துடுவேன்” என்கிறார். அதற்கு 15. கூட்டினால் 100. பல இடங்களில் 45-ஐத் தாண்டினாலே அதிக அபாயம்தான்.

பெரும்பாலும் அந்த 100-ஐ கேஸ் ஷீட்டில் எழுதியதோடு வேலை முடிந்துவிடுகிறது. உண்மையில் கூட்டுத்தொகையைவிட ஒவ்வொரு பதிலும்தான் முக்கியம். கைத்தடிக்கு வந்த 15, அட்டையில் ‘தடி இடது பக்கம், கை எட்டும் தூரத்தில்’ என்று மாற வேண்டும். டிரிப்ஸுக்கு வந்த 20, ‘ஸ்டாண்டை நீங்கள் தள்ள வேண்டாம், ஒருவர் தள்ளி வருவார்’ என்று ஆக வேண்டும். தளர்ந்த நடை என்றால், ‘காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிஷம் உட்கார்ந்த பிறகு, ஆள் பிடித்துக்கொள்ள எழுந்திருங்கள்’. வியாதியின் பெயர் அட்டையில் வேண்டாம். வார்டுக்கு வருகிற போகிறவர்கள் எல்லாம் அதைப் படிக்க வேண்டிய அவசியமில்லை.

அந்தக் கடைசி 15 இருக்கிறதே, அதுதான் நம் வீடுகளில் பெரிய சிக்கல். ராத்திரி 2 மணிக்கு அவசரமாக வருகிறது. மகன் வேலைக்குப் போய்வந்த களைப்பில் கட்டிலடியில் பாய் விரித்துத் தூங்குகிறான். அவனை ஏன் எழுப்ப வேண்டும் என்று அப்பா தானே இறங்குகிறார். கால் வைக்கும் இடத்தில் பாய், பக்கத்தில் ஒரு கூஜா. மருமகள் துணைக்கு இருக்கும் ராத்திரி என்றால் கூச்சம் வேறு. ‘உதவிக்குக் கூப்பிடவும்’ என்று எவ்வளவு பெரிய எழுத்தில் எழுதினாலும் அவர் கூப்பிடப் போவதில்லை.

அதனால் இவர் அட்டையில் அந்த வரியையே திருப்பிப் போட வேண்டும். அது அப்பாவுக்கான வரியாக இல்லாமல், கூட இருப்பவருக்கான வரியாக இருக்கட்டும்: ‘தூங்கும் முன், ராத்திரி 2 மணி, விடியற்காலை 5 மணி – அவர் கேட்காமலே பாத்ரூமுக்கு அழைத்துப் போங்கள். பாத்ரூம் கதவைத் தாழ் போட வேண்டாம். பாயை அவர் இறங்காத பக்கம் விரியுங்கள்.’ பகலில் அம்மா, ராத்திரி மகன், ஞாயிற்றுக்கிழமை பேரன் என்று ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். டாக்டர் சொன்னதைப் பகலில் கேட்டவர் ராத்திரி இருக்க மாட்டார். ஆள் மாறும்போது போகிறவர் வருகிறவருக்கு அட்டையைக் காட்டிச் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

எழுத்து எத்தனை பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கு ஸ்கேல் வேண்டாம். அட்டையைக் கால்மாட்டில் மாட்டிவிட்டு, அவரையே தலையணையில் சாய்ந்தபடி, கண்ணாடி இல்லாமல் படிக்கச் சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும். படிக்கத் தெரியாதவருக்குத் தடி, டிரிப்ஸ், பாத்ரூம் படங்கள் போதும். பளபளப்பான லேமினேஷனில் டியூப் லைட் வெளிச்சம் பட்டு எழுத்தே மறைந்துவிடும், மங்கலானதே நல்லது. ஈரத்தரை, வழுக்கும் செருப்பு, தடுக்கும் கைலி மாதிரி எல்லோருக்கும் பொதுவானவற்றை ஒரே போஸ்டராக்கி பாத்ரூம் கதவருகே ஒட்டிவிடலாம். கட்டில் அட்டையில் அதைத் திணித்தால் முக்கியமான வரி அதற்குள் காணாமல் போகும்.

வேலை செய்கிறதா என்று பார்க்க, நர்ஸ் அட்டையைக் கையால் மறைத்துக்கொண்டு, “ஐயா, நீங்க விழ என்ன காரணம் இருக்கு? எழுந்திருக்கணும்னா என்ன செய்வீங்க?” என்று கேட்டால் போதும். அவரோ கூட இருப்பவரோ சொல்லிவிட்டால் சரி. திருதிருவென்று விழித்தால், அந்த அட்டை வெறும் தாள்தான். மறுபடி பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும்.

இன்னொன்று, அட்டை பழசாகக் கூடாது. நாலாம் நாள் டிரிப்ஸை எடுத்துவிட்டார்கள் என்றால் அந்த வரியை அன்றைக்கே ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். இல்லாத டிரிப்ஸுக்கு எச்சரிக்கை தொங்கினால், அதற்கு அடுத்த வரியையும் யாரும் நம்ப மாட்டார்கள். நம் பெரியவருக்கு அன்று மிச்சம் இருப்பவை தடி, இரண்டு நிமிஷம் உட்காருவது, ராத்திரி 2 மணி. இந்த மூன்றும் அவர் வீட்டுக்குப் போகும் நாளில், டிஸ்சார்ஜ் சம்மரியோடு அந்தக் கட்டிலிலிருந்து கழற்றி, வடலூர் வீட்டுப் படுக்கையறைச் சுவருக்குப் போக வேண்டியவை.