காய்ந்த புண் ஆறிய புண் அல்ல

"புண்ணை மூடாதீர்கள், காற்றுப்பட்டால் ஆறிவிடும்" என்று பதுளை மாணவர்களுக்கான கையேட்டில் நண்பர் எழுதியதை ஏற்க முடியாது. பசறைத் தோட்டமொன்றில் கவ்வாத்துக் கத்தி ஒருவரின் காலில் பட்டதென வைப்போம். முதலில் இரத்தம் உறையும். அடுத்த சில நாட்கள் வீக்கமும் சூடும். வெள்ளணுக்கள் கிருமியையும் செத்த தசையையும் அகற்றும் கட்டம் அது. பிறகு சிவந்த புதுத்தசை வளர, ஓரத்திலிருந்து தோலணுக்கள் நகர்ந்து வந்து மூடும். அவற்றுக்கு ஈரம் வேண்டும். காய்ந்த பொருக்கு இருந்தால் அதன் அடியைச் சுற்றித்தான் போகவேண்டும். 1962இல் ஜார்ஜ் விண்டர் பன்றிகளில் காட்டியது இதுதான்: மூடிய புண்ணில் ஏறக்குறைய இருமடங்கு வேகமாகத் தோல் படர்ந்தது. மழைத்தண்ணீரில் கால் ஊறுவது வேறு. அது தோலைக் கெடுக்கும். 4 வாரமாகியும் புண் சுருங்காவிட்டால் சர்க்கரை, இரத்தசோகை, கால் வீக்கம் உண்டா என்று பார்க்கவேண்டும். அந்த வரியைக் கையேட்டிலிருந்து நீக்குங்கள்.