தரையில் உட்கார்ந்த தலைவர்

“பெண்களுக்கு அரசியலில் இடம் கிடைத்தால் போதும், அதற்குள் சாதியை ஏன் இழுக்கிறீர்கள்?” என்கிறார்கள். சாதியை நாங்கள் இழுக்கவில்லை. அது ஏற்கெனவே அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது.

கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையை நினைத்துப் பாருங்கள். ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டார். மற்ற உறுப்பினர்கள் நாற்காலிகளில் இருந்தார்கள். 2020 அக்டோபரில் அந்தக் காட்சியின் படம் வெளியான பிறகே வழக்குப் பதிவானது. இடஒதுக்கீடு அவருக்குப் பதவியைக் கொடுத்தது. நாற்காலியை ஊரின் சாதி பறித்துக்கொண்டது. பெண் என்பதால் மட்டும் நடந்ததென்றால், ஆதிக்கச் சாதிப் பெண் தலைவரையும் தரையில் உட்கார வைத்திருப்பார்களா?

2023இல் நிறைவேறிய 106ஆவது அரசியலமைப்புச் சட்டத்திருத்தத்துக்கு வருவோம். மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. பட்டியல் சாதி, பழங்குடித் தொகுதிகளுக்குள்ளும் அதே பங்கு உண்டு. பிற்படுத்தப்பட்ட பெண்களுக்குத் தனி ஒதுக்கீடு இல்லை. அவர்கள் மற்ற எல்லாப் பெண்களோடும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும்.

அந்த வரிசையில் பணமும் நிற்கிறது. பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளரின் செலவு வரம்பே 95 லட்சம் ரூபாய். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்குக் கட்சி எதை நம்பிச் சீட்டு கொடுக்கும்? வசதியுள்ள குடும்பத்தின் மனைவிக்கும் மகளுக்கும்தான் அது போகும்.

பெண்களை எண்ணினால் மட்டும் போதாது. எந்தச் சாதி, எந்த வர்க்கத்துப் பெண் என்றும் எண்ணுங்கள். அந்தக் கணக்கு இல்லாத பிரதிநிதித்துவம் பாதிப் பிரதிநிதித்துவமே.