மேடையில் 3 மணி நேரம்... கணக்கில் 18 மணி நேரம்!

விருதுநகரில் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல், சிவகாசியில் பத்ரகாளியம்மன் கோயில் சித்திரைப் பொங்கல். திருவிழா என்றால் கச்சேரியும் உண்டு. ‘மூணு மணி நேரப் பாட்டுக்கு ஆளுக்கு 3,000 ரூபாயா?’ என்று கமிட்டிக்காரர்கள் கேட்பதும் உண்டு. அந்தக் கேள்விக்குக் கணக்கு போட்டே பதில் சொல்லலாம்.

உதாரணத்துக்கு, 10 பேர் கொண்ட மெல்லிசைக் குழு ஒன்று 50,000 ரூபாய்க்குப் பேசி முடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேன், சவுண்ட், லைட்டுக்கு 20,000 போய்விடும். மீதி 30,000-ஐச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 3,000.

மதியம் 3 மணிக்கு வேன் ஏறினால் வீடு திரும்ப இரவு 12 ஆகிவிடும். ஆக, கச்சேரி நாளுக்கே 9 மணி நேரம். அதற்கு முன் மூன்று நாள் மாலையில், தலா 3 மணி நேரம் ரிகர்சல். அது இன்னொரு 9. மொத்தம் 18 மணி நேரம். ரிகர்சலுக்குத் தனிச் சம்பளம் கிடையாது.

நியாயமான தொகை எவ்வளவு? ஒரு கைத்தொழில்காரரின் 8 மணி நேரக் கூலி 1,000 ரூபாய் என்று கொண்டால், மணிக்கு 125. ரிகர்சலுக்கு இந்த ரேட். கச்சேரி நாளுக்கு இரு மடங்கு, 250. வாத்தியப் பராமரிப்பும், விழா இல்லாத மாதங்களின் பாடும் இதில்தான் அடங்கவேண்டும். கச்சேரிக்கு 2,250, ரிகர்சலுக்கு 1,125. ஆளுக்கு 3,375 வருகிறது. அப்படியானால் 3,000 வாங்கியவருக்கு 375 ரூபாய் நஷ்டம்.

ஆனால், அதே பாட்டுகளை மூன்று ஊர்களில் பாடினால் கணக்கே மாறிவிடும். ரிகர்சல் செலவு ஒரு கச்சேரிக்கு 375 ஆகக் குறையும். அப்போது 2,625 ரூபாயே போதும். அதே 3,000 லாபமாகிவிடும்.

மதுரை வட்டாரத்து ஸ்பெஷல் நாடகக்காரர்கள் இதை வேறு வழியில் சமாளிக்கிறார்கள். அங்கே ராஜபார்ட்டையும் பபூனையும் தனித்தனியாகத்தான் பேசி அழைக்கிறார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால், வெவ்வேறு ஊரிலிருந்து வருகிறவர்கள் ரிகர்சலே இல்லாமல் விடிய விடிய நடிக்கிறார்கள். ஆனால், பாடம் படித்த வருடங்களுக்கான கூலியும் அந்த ஓர் இரவுச் சம்பளத்துக்குள்தான் வரவேண்டும்.

மெல்லிசைக் குழுவுக்குச் சிக்கல் எங்கே வருகிறது? அட்வான்ஸ் கொடுத்த பிறகு, ‘எங்க ஊருக்கு மட்டும் இந்த அஞ்சு புதுப் பாட்டு வேணும்’ என்று கேட்கும்போதுதான். அதற்காக ஒரு மாலை கூடுதலாக உட்கார்ந்தால், 3 மணி நேரம், 10 பேர், மணிக்கு 125 என 3,750 ரூபாய் ஆகிறது. அந்தப் பாட்டை அடுத்த ஊரில் யாரும் கேட்காவிட்டால், முழுத் தொகையும் குழுவின் தலையில்தான் விழும்.

அதனால் அட்வான்ஸ் வாங்கும்போதே இரண்டு வரி எழுதிக்கொள்வது நல்லது. ‘குழுவின் பட்டியலில் உள்ள பாட்டுகளுக்கு இந்தத் தொகை. பட்டியலில் இல்லாததற்கு, ஒரு மாலை ரிகர்சலுக்கு இவ்வளவு.’ வேலை செய்த எண்ணிக்கைக்குக் கூலி என்ற பீஸ் ரேட் கணக்கைப் பட்டாசுத் தொழிலில் பார்த்துப் பழகிய ஊருக்கு, இந்த இரண்டு வரியை விளக்கிச் சொல்லவேண்டிய அவசியமே இருக்காது.