வந்த பணத்தை வங்கி ஏன் நிறுத்தி வைக்கிறது?

கட்டுரையாளர்: வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் பணியாற்றிய முன்னாள் அதிகாரி

திருச்சியில் வீட்டிலிருந்தபடியே இங்கிலாந்தின் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதித் தரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மான்செஸ்டரில் உள்ள ஒரு உணவகத்துக்கு மே மாதம் செய்த வேலைக்கு 640 பவுண்டுக்கு இன்வாய்ஸ் அனுப்புகிறார். பணம் அனுப்பிவிட்டதாக அங்கிருந்து மறுநாளே பதில் வருகிறது. ஒரு வாரம் கழிந்தும் கணக்கில் எதுவும் ஏறவில்லை. வங்கியிலிருந்து ஒரே ஒரு குறுஞ்செய்தி: வெளிநாட்டிலிருந்து பணம் வந்திருக்கிறது, உரிய விவரங்களைச் சமர்ப்பிக்கவும். என்ன விவரம், யாரிடம், எப்படி என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

பலரும் உடனே இரண்டு வேலை செய்கிறார்கள். பணம் அனுப்பியவரை விரட்டுகிறார்கள். பிறகு கிளைக்குப் போய்ச் சண்டை போடுகிறார்கள். இரண்டாலும் பணம் நகராது. அது எங்கே நிற்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெளிநாட்டு வங்கி ஸ்விஃப்ட் வழியாக அனுப்பும் ஒவ்வொரு பணத்துக்கும் UETR என்ற 36 எழுத்துகள் கொண்ட அடையாள எண் உண்டு. அனுப்பியவரிடம் ‘பணம் போட்டீர்களா?’ என்று கேட்பதைவிட, இந்த எண்ணையும் ஸ்விஃப்ட் செய்தியின் நகலையும் கேட்டு வாங்குவது மேல். பெரும்பாலான வங்கிகள் இந்த எண்ணைக் கொண்டு பணம் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்லிவிடும். நம் வங்கிக்கு வந்து சேர்ந்துவிட்டது என்றால் அனுப்பியவருக்கு அதில் இனி வேலை இல்லை. பணம் நம் வங்கியின் வெளிநாட்டுக் கணக்கில் பவுண்டாகவே கிடக்கிறது. அதை ரூபாயாக்கி வரவு வைப்பதற்குத் தேவையான ஒரு காகிதம் மட்டும் குறைகிறது. அந்தக் காகிதத்தைப் பார்ப்பது கிளையின் கவுன்டர் அல்ல, அந்நியச் செலாவணிப் பிரிவு. பல வங்கிகளில் அது வேறு ஊரில், ஒரே மையமாக இயங்குகிறது. அதன் மின்னஞ்சல் முகவரியைக் கிளையில் கேட்டு வாங்கிக்கொண்டால் பாதி அலைச்சல் குறையும்.

வங்கி இந்தக் காகிதத்தைத் தன் விருப்பத்துக்குக் கேட்கவில்லை. 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், ஃபெமா, பத்தாவது பிரிவின் ஐந்தாவது உட்பிரிவில், பரிவர்த்தனை செய்பவரிடமிருந்து உரிய உறுதிமொழியையும் தகவலையும் பெற்றுத் திருப்தி அடைந்த பிறகே வங்கி அதைச் செய்ய வேண்டும் என்கிறது. அந்த உறுதிமொழியின் சுருக்கம்தான் நோக்கக் குறியீடு, வங்கியில் ‘பர்ப்பஸ் கோடு’ என்பார்கள். நாட்டுக்குள் வரும் பணத்துக்கான குறியீடுகள் P என்ற எழுத்தில் தொடங்கும். இந்தியாவுக்கு மென்பொருள் வேலையால் எவ்வளவு வந்தது, குடும்பத்துக்கு அனுப்பியது எவ்வளவு என்று ரிசர்வ் வங்கி தொகுக்கும் கணக்கு, வங்கிகள் இப்படிக் குறித்து அனுப்பும் விவரங்களிலிருந்து எழுகிறது.

திருச்சிக்காரரின் வேலைக்குப் பொருந்துவது P1005. கணக்கெழுதுதல், தணிக்கை சார்ந்த சேவைகள் அதில் வரும். மென்பொருள் ஆலோசனைக்கும் அதை நிறுவித் தருவதற்கும் P0802, நிர்வாக ஆலோசனைக்கு P1006, விளம்பர வேலைக்கு P1007. மென்பொருளை எழுதி இணையம் வழியே அனுப்புபவர்கள் மட்டும் SOFTEX படிவம் தேவையா என்று வங்கியிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. பட்டியல் நீளமானது. இன்வாய்ஸில் வேலையை எப்படி வர்ணித்திருக்கிறோமோ அதோடு குறியீடு பொருந்தினால் போதும், மிகத் துல்லியமான குறியீட்டைத் தேடி நாள் கடத்த வேண்டியதில்லை. இன்வாய்ஸில் வெறுமனே ‘சேவைக் கட்டணம்’ என்று எழுதியிருந்தால் எந்தக் குறியீடும் பொருந்தாது. ‘மே மாதக் கணக்கெழுதும் பணி’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் கேள்வியே எழாது.

இந்த இடத்தில்தான் மிகத் தவறான ஒரு யோசனை காதில் விழும். ‘P1301 என்று போடுங்கள், குடும்பச் செலவு, உடனே ஏறிவிடும்.’ நண்பர்கள் மட்டுமல்ல, சில கிளைகளில் ஊழியர்களே இப்படிச் சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். கோபம் வருகிறது. அந்தக் குறியீடு வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள் குடும்பப் பராமரிப்புக்கும் சேமிப்புக்கும் அனுப்பும் பணத்துக்கானது. மான்செஸ்டர் உணவகம் யாருக்கும் உறவினர் அல்ல. வங்கிக்குக் கொடுக்கும் படிவத்தின் அடியில் நாம் கையெழுத்திடுவது சட்டப்படியான உறுதிமொழி. அதில் பொய் எழுதுகிறோம். அன்றைக்குப் பணம் ஏறிவிடும் என்பது உண்மைதான். ஆனால் வங்கி தரும் வெளிநாட்டு வரவுச் சான்றில் ‘குடும்பப் பராமரிப்பு’ என்று நிரந்தரமாகப் பதிவாகும். வருமான வரித் துறைக்கு அதே தொகையைத் தொழில் வருமானம் என்று காட்டும்போது இரண்டு ஆவணங்களும் முட்டிக்கொள்ளும். பின்னாளில் ஜி.எஸ்.டி. பதிவு பெற்று, இது சேவை ஏற்றுமதி என்று வரியைத் திரும்பக் கேட்டால், அந்நியச் செலாவணியில் பணம் வந்ததற்கு ஆதாரமாக அதே சான்றைத்தான் கேட்பார்கள்.

இனி குறியீடு சரியாகக் கொடுத்தும் பணம் நின்றுபோகும் நிலைக்கு வருவோம். திருச்சிக்காரருக்கு அதுதான் நடக்கிறது. படிவத்தில் P1005 எழுதி, இன்வாய்ஸையும் இணைத்து அனுப்பிவிட்டார். ‘ஆவணம் போதவில்லை’ என்று திரும்பி வருகிறது. வங்கி அதிகாரி மேசையில் இரண்டு காகிதங்களை அருகருகே வைத்துப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஸ்விஃப்ட் செய்தி, இன்னொன்று இன்வாய்ஸ். அனுப்பியவர், பெறுபவர், தொகை, காரணம் ஆகிய நான்கும் இரண்டிலும் ஒத்துப்போக வேண்டும். இங்கே மூன்று ஒத்துப்போகவில்லை.

இன்வாய்ஸ் உணவகத்தின் பெயருக்கு எழுதப்பட்டது. பணமோ அதன் தாய் நிறுவனத்தின் பெயரில் வந்திருக்கிறது. மூன்றாவது நபர் பணம் கட்டுகிறார் என்றால் வங்கி நின்று யோசிக்கும். கறுப்புப் பணத்தைத் தடுக்கும் விதிகள் அப்படி யோசிக்கச் சொல்கின்றன. இதற்கு மருந்து உணவகத்திலிருந்து இரண்டு வரி மின்னஞ்சல்: இன்வாய்ஸ் 014க்கான தொகையை எங்கள் சார்பில் இன்ன நிறுவனம் செலுத்தியது என்று நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து வர வேண்டும். வேலை தொடங்கும்போது கையெழுத்தான ஒப்பந்தக் கடிதம் இருந்தால் அதையும் சேர்த்துவிடலாம்.

அடுத்தது பெயர். இன்வாய்ஸின் தலைப்பில் தான் வைத்திருக்கும் தொழில் பெயரைப் போட்டிருக்கிறார். வங்கிக் கணக்கோ சொந்தப் பெயரில் இருக்கிறது. தொழில் பெயருக்குக் கீழே ‘உரிமையாளர்’ என்று பான் அட்டையில் உள்ளபடி தன் பெயரை எழுதி இன்வாய்ஸை மீண்டும் அனுப்பினால் சரியாகிவிடும். சேமிப்புக் கணக்கில் தொழில் வரவை ஏற்க மறுக்கும் வங்கிகளும் உண்டு. மாதாமாதம் வெளிநாட்டுப் பணம் வருகிறது என்றால் நடப்புக் கணக்கு ஒன்றைத் தனியே தொடங்கிவிடுவது நிம்மதி.

மூன்றாவது தொகை. இன்வாய்ஸ் 640 பவுண்டு, வந்தது 628. இடையில் உள்ள வங்கி தன் கட்டணமாக 12 பவுண்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஸ்விஃப்ட் செய்தியில் கட்டணம் யாருடையது என்ற இடத்தில் SHA என்றிருந்தால் இருவரும் பகிர்ந்துகொள்கிறார்கள், OUR என்றிருந்தால் முழுவதும் அனுப்புபவர் பொறுப்பு. படிவத்தில் வந்த தொகையான 628ஐத்தான் எழுத வேண்டும். 12 பவுண்டு கட்டணம் என்று ஒரு வரி விளக்கம் போதும். வருமானமாகக் கணக்கில் 640ஐயும், செலவாக 12ஐயும் காட்டலாம்.

இவை சேர்ந்ததும் வங்கி அன்றைய வாங்கும் விலையில் பவுண்டை ரூபாயாக்கும். கணக்குக்கு எளிதாக ஒரு பவுண்டு 110 ரூபாய் என்று வைத்தால் 69,080 ரூபாய். நாணய மாற்றுக்கு ஜி.எஸ்.டி. உண்டு. ஒரு லட்சம் ரூபாய் வரை மாற்றும் தொகையில் ஒரு சதவீதத்தைச் சேவையின் மதிப்பாகக் கொண்டு அதன்மேல் 18 சதவீதம். இங்கே சுமார் 124 ரூபாய். வங்கியின் கட்டணம் தனி. மதிப்பு கணக்கிடப்படுவது மாற்றும் நாளின் விலையில் என்பதால், பணம் நிற்கும் நாள்களில் பவுண்டு இறங்கினால் நட்டம் நமக்கு. பதிலே சொல்லாமல் விட்டால் வங்கி பணத்தை அனுப்பியவருக்கே திருப்பிவிடும். போகும் வழியிலும் கட்டணம் பிடிப்பார்கள்.

வங்கி கேட்பதெல்லாம் சரி என்றும் சொல்ல மாட்டேன். ஜி.எஸ்.டி. சான்று இல்லாமல் முடியாது என்று சில இடங்களில் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் சேவை வழங்குபவருக்கு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை பொதுவாக அந்தப் பதிவு தேவையில்லை; அதை ஒரு கடிதமாக எழுதிக் கொடுத்தால் போதும். இறக்குமதி ஏற்றுமதி எண் கேட்பவர்களும் உண்டு. வெளிநாட்டு வணிகக் கொள்கையின் சலுகைகளைக் கோராத சேவை ஏற்றுமதியாளருக்கு அந்த எண் கட்டாயமில்லை. எது குறைகிறது என்று பெயர் சொல்லிக் கேட்கும் குறுஞ்செய்தியை அனுப்புவதற்கு வங்கிக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் ஆகாது. ‘உரிய விவரங்கள்’ என்று எழுதிவிட்டுச் சும்மா இருப்பதால்தான் படித்தவர்கள்கூடக் குடும்பச் செலவுக் குறியீட்டுக்குத் தள்ளப்படுகிறார்கள். மாற வேண்டியது முதலில் அதுதான்.

அடுத்த இன்வாய்ஸுக்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஸ்விஃப்ட் செய்தியில் பணம் எதற்கு என்று எழுத ஓர் இடம் உண்டு, மொத்தம் 140 எழுத்து வரை. அனுப்புபவர்கள் பெரும்பாலும் அதை வெறுமையாக விடுகிறார்கள். அதில் எழுத வேண்டியதை நாமே இன்வாய்ஸின் அடியில் தட்டச்சு செய்து கொடுத்துவிடலாம்:

```
P1005 ACCOUNTING SERVICES INV 014
```

ஒரே வாடிக்கையாளரிடமிருந்து தொடர்ந்து பணம் வருகிறது என்றால், ஒரே குறியீட்டில் வரவு வைக்க நிலையான அனுமதிக் கடிதத்தைச் சில வங்கிகள் ஏற்கின்றன. கிளையில் கேட்டுப் பார்க்கலாம். ஏற்கெனவே P1301இல் வாங்கிவிட்டவர்கள், அந்த வரவின் தேதி, தொகை, இன்வாய்ஸ் நகல் ஆகியவற்றோடு குறியீட்டைத் திருத்தச் சொல்லி வங்கிக்கு எழுத வேண்டும், திருத்திய சான்றையும் கேட்டு வாங்க வேண்டும். எல்லா ஆவணமும் கொடுத்து, எழுத்தில் புகார் செய்தும் 30 நாள்களில் வங்கியிடமிருந்து பதில் இல்லையென்றால், cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். UETR எண்ணும், ஆவணம் கொடுத்த தேதியும் கையில் இருக்கட்டும்.