42 பேர், 42 போட்டோ... ஆனாலும் ஆறு முகம் தப்பு!

அடையாள அட்டை அச்சிடுபவர் ஸ்கூல் கிளார்க்கிடம் கேட்பது ஒன்றுதான்: ஒவ்வொரு போட்டோவின் பெயரும் மாணவரின் ரோல் நம்பராக இருக்க வேண்டும். கேமராவோ IMG_2041 என்று தன் இஷ்டத்துக்குப் பெயர் வைத்திருக்கும். ஒவ்வொன்றாக மாற்ற உட்கார்ந்தால் ஒரு மதியம் போய்விடும். வகுப்புப் பட்டியல் எக்ஸெலில் இருந்தால் அவ்வளவு நேரம் வேண்டாம்.

முதலில் போட்டோ ஃபோல்டரை ஒரு காப்பி எடுத்து, அதில் மட்டும் வேலை செய்ய வேண்டும். ஃபோல்டரின் மேலே உள்ள முகவரிப் பட்டியில் cmd என்று டைப் செய்து என்டர் தட்டினால் கறுப்புத் திரை வரும். அதில் இதைக் கொடுக்க வேண்டும்:

```
dir /b /on *.jpg > list.txt
```

அதே ஃபோல்டரில் list.txt உருவாகும். அதில் இருக்கும் பெயர்களை எக்ஸெலில் C பத்தியில், இரண்டாவது வரிசையிலிருந்து ஒட்டலாம். A-யில் ரோல் நம்பர், B-யில் மாணவர் பெயர் ஏற்கெனவே இருக்கும்.

இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். பத்தாம் வகுப்பு 'ஏ' பிரிவில் 42 பேர் என்று வைத்துக்கொள்வோம். ரோல் நம்பர் வரிசையில்தான் படம் எடுத்தார்கள். 17-ஆம் நம்பர் அன்று லீவு. 23-ஆம் நம்பர் கண்ணை மூடிவிட்டதால் அவருக்கு மட்டும் இரண்டு படம். மொத்தம் 42 போட்டோ. எண்ணிக்கை சரி, முதல் ஆளும் கடைசி ஆளும் சரி. ஆனால் 17 முதல் 22 வரை ஆறு பேருக்கும் அடுத்தவர் முகம்! லீவு போட்ட மாணவர் பெயரிலும் ஒரு படம் இருக்கும்.

அதனால் படங்களைப் பெரிய ஐகானாக வைத்து, வகுப்பு ஆசிரியரிடம் பட்டியலோடு ஒவ்வொரு முகத்தையும் பார்க்கச் சொல்வது அவசியம். கிளார்க்குக்கு எல்லா முகமும் தெரிந்திருக்காதே. திருத்துவது சுலபம். C பத்தியில் 17-க்கு நேராக ஒரு காலிக் கட்டத்தைச் செருகி, கீழே உள்ளவற்றை ஒரு கட்டம் இறக்க வேண்டும். கண் மூடிய படமான IMG_2062.jpg இருக்கும் கட்டத்தை அழித்து, கீழே உள்ளவற்றை மேலே ஏற்றினால் வரிசை சேர்ந்துவிடும்.

அதன் பிறகு D2-வில் இது:

```
="ren "&C2&" 10A-"&TEXT(A2,"00")&".jpg"
```

கடைசி வரை இழுத்துவிட்டால் 7-ஆம் நம்பருக்கு நேராக ren IMG_2047.jpg 10A-07.jpg என்று வரும். "00" இல்லாவிட்டால் சில இடங்களில் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும். 17-ஆம் நம்பர் வரியை விட்டுவிட்டு, மற்றவற்றைக் காப்பி செய்து கறுப்புத் திரையில் ஒட்டி என்டர் தட்டினால், சில நொடிகளில் வேலை முடிந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் வந்த படங்களுக்கு இந்த ஃபார்முலா அப்படியே சரிவராமல் போகலாம். அவற்றின் பெயரில் இடைவெளி இருக்கலாம், வரிசையும் மாறியிருக்கலாம். கேமராவிலிருந்து கேபிள் வழியாக எடுப்பதே நல்லது. அடுத்த முறை படம் எடுக்கும்போது, வராத மாணவருக்குப் பதிலாக அவர் நம்பர் எழுதிய தாளை ஒரு படம் எடுத்துவிட்டால் வரிசை நகராது.