ஒரு காற்புள்ளி நிறுத்திய பணம்

இரண்டாமாண்டு பி.எஸ்சி., வேதியியல் மாணவன்

ஆங்கிலத்தில் நீண்ட வாக்கியம் எழுதுகிறவன் அறிவாளி என்றொரு எண்ணம் நம்மிடையே உண்டு. எனக்கும் இருந்தது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் நான்கு வரி ஓடினால்தான் படித்ததற்கு அடையாளம் என்று நம்பினேன். அந்த நம்பிக்கை ஒரு விசைத்தறிக் கூடத்தின் முப்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபாயைப் பதினேழு நாள் நிறுத்தி வைத்த கதையை இங்கே சொல்ல விழைகிறேன்.

என் தாயார் எங்கள் ஊரில் துண்டு நெய்யும் ஒரு கூடத்தில் தறி ஓட்டுகிறார். வட நாட்டு வியாபாரி ஒருவருக்கு அங்கிருந்து சரக்குப் போகும். கடிதப் போக்குவரத்து எல்லாம் மின்னஞ்சலில்தான். முதலாளிக்கு ஆங்கிலம் வராது. "தம்பி, காலேஜ்ல படிக்கிற, இதை நீயே எழுதிப் போட்டுடு" என்றார். பெருமையோடு ஒப்புக்கொண்டேன். அந்த வாரம் நாற்பது கட்டு அனுப்பியதில் இரண்டு கட்டு நீலக் கரைக்குப் பதில் பச்சைக் கரையாகப் போய்விட்டது. அதைச் சொல்ல வேண்டும். அத்துடன் பழைய பில்லின் பாக்கியையும் கேட்க வேண்டும். நான் எழுதியது இதுதான்:

"வீ ஹேவ் சென்ட் 40 பண்டில்ஸ் ஆன் மண்டே, 2 பண்டில்ஸ் ஆர் கிரீன் பார்டர் பை மிஸ்டேக், வீ வில் சென்ட் 2 ப்ளூ பண்டில்ஸ், ஆஃப்டர் ரிசீவிங் த பண்டில்ஸ், யூ கேன் ரிலீஸ் த பேலன்ஸ் ஆஃப் லாஸ்ட் பில், கைண்ட்லி டூ த நீட்ஃபுல்."

ஒரே மூச்சில் எழுதி முடித்து, முதலாளிக்குப் படித்தும் காட்டினேன். "பிரமாதம்" என்றார்.

நான் நினைத்த பொருள், பச்சைக் கட்டுகள் எங்களிடம் திரும்பி வந்த பிறகு நீலக் கட்டுகளை அனுப்புவோம், பழைய பாக்கியை இப்போதே அனுப்புங்கள் என்பது. அவர் படித்துக்கொண்ட பொருளோ, நீலக் கட்டுகள் வரும், அவை வந்து சேர்ந்த பிறகு பாக்கியை அனுப்பினால் போதும் என்பது. நாங்கள் பச்சைக்குக் காத்திருந்தோம். அவர் நீலத்துக்குக் காத்திருந்தார். இரு தரப்பிலும் குற்றமில்லை, இரு தரப்பிலும் அசைவுமில்லை. இடையில் வந்த ஒரு சனிக்கிழமை கூடத்தில் பாதிக் கூலிதான் கொடுத்தார்கள். அம்மா அதைப்பற்றி என்னிடம் எதுவும் சொல்லவில்லை. மளிகைக் கடைச் சிட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பதினேழாம் நாள் தொலைபேசியில் பேசியபோதே விஷயம் விளங்கிற்று.

அந்த மின்னஞ்சலை ஒரு தாளில் எழுதி எங்கள் ஆங்கில விரிவுரையாளரிடம் கொண்டுபோனேன். அவர் பென்சிலால் வினைமுற்றுகளை மட்டும் வட்டமிட்டார். ஹேவ் சென்ட், ஆர், வில் சென்ட், கேன் ரிலீஸ், டூ என ஐந்து. "ஐந்து முற்று இருக்கிறது, முற்றுப்புள்ளி ஒன்றுதானே இருக்கிறது?" என்றார். இலக்கணம் அங்கேதான் எனக்குப் புரிந்தது.

தமிழில் நாம் எவ்வளவு நீளமாக எழுதினாலும் பெரும்பாலும் கடைசியில் வருவது ஒரே ஒரு வினைமுற்று. 'சென்று, பார்த்து, பேசி, வாங்கிக்கொண்டு வந்தேன்' என்பதில் முன்னால் நிற்பவை அனைத்தும் வினையெச்சங்கள். எச்சம் தன்னால் முடியாமல் அடுத்ததைத் தேடுகிறது; ஆகவே வாக்கியம் தானாகவே கோக்கப்பட்டு நிற்கிறது. காற்புள்ளி அங்கே மூச்சு வாங்கும் இடம், அவ்வளவே. அதே மூச்சில் ஆங்கிலம் எழுதும்போது எச்சங்களெல்லாம் முற்றுகளாகிவிடுகின்றன. காற்புள்ளி மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது. இரண்டு முற்று வாக்கியங்களைக் காற்புள்ளியால் மட்டும் ஒட்டுவதைத்தான் ஆங்கிலத்தார் காமா ஸ்பிளைஸ் என்கிறார்கள். அந்தக் காற்புள்ளியும் இல்லாமல் ஓட விட்டால் அது ரன்-ஆன். தறியில் பாவு இழை அறுந்தால் அம்மா இரண்டு முனையையும் முடிச்சிட்டுத்தான் தறியை ஓட்டுவார். முனைகளை அருகருகே வைத்துவிட்டு ஓட்டினால் என்ன ஆகுமோ அதைத்தான் நான் செய்திருந்தேன்.

பிழையைக் கண்டுபிடிக்க அவர் சொல்லிக் கொடுத்த சோதனை எளிது. காற்புள்ளிக்கு இடப்பக்கத்தை விரலால் மறைத்து வலப்பக்கத்தைப் படிக்க வேண்டும். பிறகு வலப்பக்கத்தை மறைத்து இடப்பக்கத்தை. இரண்டுமே தனித்து நிற்குமானால் வெறும் காற்புள்ளி அங்கே போதாது. 'ஆஃப்டர் வீ ரிசீவ் தெம், வீ வில் சென்ட் டூ ப்ளூ பண்டில்ஸ்' என்பதில் இடப்பக்கம் தனியே நிற்காது. ஆகவே அந்தக் காற்புள்ளி சரி. வாக்கியத்தின் நீளத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ஆறு வரி வாக்கியம் பிழையின்றி இருக்கலாம். 'இட் இஸ் ரெயினிங், ஐ ஆம் கோயிங்' என்ற ஆறு சொல்லில் பிழை இருக்கலாம்.

இனி என் வாக்கியத்தின் நடுப்பகுதியைப் பாருங்கள். 'ஆஃப்டர் ரிசீவிங் த பண்டில்ஸ்' என்பதற்கு முன்னும் ஒரு காற்புள்ளி, பின்னும் ஒரு காற்புள்ளி. அந்தத் துண்டில் எழுவாயும் இல்லை, முற்றும் இல்லை. நம் 'பெற்றபின்' போல ஒன்றைப் பற்றிக்கொள்ளத் துடிக்கிற எச்சம். முன்னால் உள்ள வாக்கியத்தைப் பற்றினால் என் பொருள். பின்னால் உள்ளதைப் பற்றினால் வியாபாரியின் பொருள். அவ்விரண்டு காற்புள்ளிகளில் ஒன்று முற்றுப்புள்ளியாக இருந்திருக்க வேண்டும். எது என்பது எழுதிய எனக்கு மட்டுமே தெரியும். உண்மையைச் சொன்னால், அவர் படித்ததே ஆங்கில வழக்குக்கு நெருக்கம். பழி முழுவதும் என்னுடையதுதான்.

திருத்துவதற்கு வழிகள் சில உண்டு. முற்றுப்புள்ளி வைத்துப் பிரிக்கலாம். நெருங்கிய இரண்டு கருத்தானால் அரைப்புள்ளி வைக்கலாம். காற்புள்ளிக்குப் பின் அண்ட், பட், ஸோ போன்ற இணைப்புச் சொல்லைச் சேர்க்கலாம். பிகாஸ், ஆல்தோ, வென் போன்றவற்றால் ஒன்றை மற்றொன்றுக்குக் கீழ்ப்படுத்தலாம். வணிகக் கடிதத்துக்கு முதல் வழியே பெரும்பாலும் போதும் என்பது என் கருத்து. ஏனென்றால் 'அண்ட்' போட்டு ஐந்தையும் இணைத்திருந்தால் இலக்கணம் சரியாகியிருக்கும். வியாபாரி அப்போதும் குழம்பியிருப்பார். இலக்கணப் பிழையை நீக்குவது ஒரு வேலை, வாக்கியத்துக்கு ஒரு கருத்து என்று வைப்பது மற்றொரு வேலை. இரண்டாவதற்கு நான் கையாளும் முறை: ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும், படிப்பவர் இதனால் எதை அறிய வேண்டும் அல்லது எதைச் செய்ய வேண்டும் என்று ஓரிரு சொல்லில் குறித்துப் பார்ப்பேன். ஓரத்தில் இரண்டு குறிப்பு விழுந்தால் வாக்கியத்தை உடைப்பேன்.

அவ்வாறு உடைத்து மறுபடி அனுப்பிய கடிதம் இது:

"வீ சென்ட் 40 பண்டில்ஸ் ஆன் மண்டே. டூ ஆஃப் தெம் ஹேவ் எ கிரீன் பார்டர் பை மிஸ்டேக். பிளீஸ் ரிட்டர்ன் தோஸ் டூ பை லாரி. வீ வில் சென்ட் டூ ப்ளூ பண்டில்ஸ் ஆஃப்டர் வீ ரிசீவ் தெம். த பேலன்ஸ் ஆஃப் த லாஸ்ட் பில், ருபீஸ் 38,400, இஸ் எ செபரேட் மேட்டர். பிளீஸ் ரிலீஸ் இட் நவ்."

பழைய கடிதத்தில் 'திருப்பி அனுப்புங்கள்' என்ற வேண்டுகோளே இல்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன். காற்புள்ளிகளின் ஓட்டத்தில் அது எனக்கே மறைந்து போயிருந்தது. உடைத்து எழுதினால் விட்டுப்போனது வெற்றிடமாகக் கண்ணில் படுகிறது. 'ரிசீவிங்' என்பதை 'வீ ரிசீவ்' என்று மாற்றியதையும் பாருங்கள். யார் பெற்றபின் என்ற கேள்விக்கு இப்போது இடமில்லை. 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' போய்விட்டது. ஆவன செய்க என்றால் எதை ஆவன செய்வது? அதைப் படிப்பவர் ஊகிக்க வேண்டும் என்று விடுவதைப் பணிவு என்று நம்மவர் கருதுகிறோம். முற்றுப்புள்ளி வைத்துச் சிறு வாக்கியமாக எழுதினால் அதட்டுவதுபோல் இருக்கிறதே என்று முதலாளியும் தயங்கினார். பணிவுக்குப் 'பிளீஸ்' இருக்கிறது. காற்புள்ளி அந்த வேலையைச் செய்யாது என்றேன்.

இதில் நான் விழுந்த பள்ளங்களையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த கடிதத்தில் 'த ப்ளூ பண்டில்ஸ் ஆர் ரெடி, ஹவெவர் த லாரி இஸ் லேட்' என்று எழுதினேன். ஹவெவர் என்பது 'பட்' போலப் பொருள் தருவதால் அதுவும் இணைப்புச் சொல்லென்று நினைத்துவிட்டேன். அன்று. 'த லாரி, ஹவெவர், இஸ் லேட்' என்று அதை இடம் மாற்ற முடிகிறது. பட் என்பதை அப்படி நகர்த்த முடியாது. நகரக்கூடிய சொல் வாக்கியங்களைப் பிணைக்காது. ஆகவே ஹவெவருக்கு முன் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். தேர்ஃபோரும் அதே சாதிதான்.

மற்றொரு பள்ளம் இதற்கு நேர் எதிரானது. உடைக்கும் ஆர்வத்தில், 'த தார்ப்பாலின் வாஸ் டோர்ன். த பண்டில்ஸ் காட் வெட்.' என்று எழுதினேன். வியாபாரி அதை இரண்டு தனிப் புகாராக எடுத்துக்கொண்டு, தார்ப்பாயைப் பற்றித் தமக்குத் தெரியாது என்று பதில் போட்டார். கிழிந்ததும் நனைந்ததும் காரணமும் காரியமும். இரண்டும் சேர்ந்துதான் ஒரு கருத்து. அங்கே 'பிகாஸ்' போட்டு ஒரே வாக்கியமாக எழுதுவதே முறை. ஒரு கருத்தென்பது ஒரு வினைமுற்றென்று பொருளாகாது.

நம் பாடத்தில் நிறுத்தற்குறிக்கென்று கேள்விகள் வருகின்றன. விடுபட்ட குறிகளை இட்டு எழுதுக என்பார்கள், நாமும் இட்டுவிடுவோம். பிறர் எழுதிய வாக்கியத்துக்குக் குறி போடுவதை விட, நாம் எழுதிய கடிதத்தை நாமே உடைத்துப் பார்க்கும் ஒரு மணி நேரம் வாரத்தில் இருந்தால் நலமென்று ஆங்கிலத் துறையினரைக் கேட்டுக்கொள்கிறேன். விடுப்பு விண்ணப்பமே போதும். சென்ற மாதம் நான் எழுதியதை எடுத்துப் பார்த்தேன். காய்ச்சல், மருத்துவர், பருவத்தேர்வு, மன்னிப்பு ஆகிய நான்கும் ஒரே வாக்கியத்தில் இருந்தன. எத்தனை நாள் விடுப்பு என்பது மட்டும் எங்கேயும் இல்லை.

பணம் என்ன ஆயிற்று என்று நண்பர்கள் கேட்பார்கள். புதிய கடிதம் போன மறுநாளே பதில் வந்தது. பில் பாக்கி அனுப்பப்பட்டது என்று ஒரு வாக்கியம், பச்சைக் கட்டுகள் வியாழனன்று லாரியில் ஏற்றப்படும் என்று ஒரு வாக்கியம். வியாழனன்று ஏற்றினார்கள். திரும்பி வந்த லாரி வாடகையை முதலாளி என்னிடம் கேட்கவில்லை.