'கம்பெனியில 2% உனக்குத்தான்': முதலாளி சொன்னால் எதைக் கேட்க வேண்டும்?

கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு குடும்ப நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, இரண்டு மகன்கள் என நான்கு பேர் பங்குதாரர்கள். பத்து வருடமாக உற்பத்தியைக் கவனிக்கும் மேனேஜருக்குப் பெரிய கம்பெனியில் இருந்து அழைப்பு வருகிறது. "தம்பி, நீங்க போயிடாதீங்க, 2% ஷேர் தர்றோம்" என்கிறார் முதலாளி. ஆடிட்டரிடம் போனதும் பேச்சு அப்படியே நின்றுவிடுகிறது.

காரணம் இருக்கிறது. நிறுவனத்தில் தங்களுக்கு அநீதி நடக்கிறது என்று தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் மனு போட, 10% பங்கு வேண்டும். அல்லது உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினர் சேர வேண்டும். மொத்தமே ஐந்து உறுப்பினர்கள் என்றால் ஒருவரே போதும். 2% வைத்திருப்பவரும் வழக்குப் போடலாம் என்றால் எந்தக் குடும்பமும் யோசிக்கத்தான் செய்யும்.

மேனேஜருக்கும் இதில் பெரிய லாபம் இல்லை. பிரைவேட் லிமிடெட் பங்கை வெளியாருக்கு விற்கக் கட்டுப்பாடு உண்டு. டிவிடெண்ட் தருவதா வேண்டாமா என்பதையும் குடும்பம்தான் முடிவு செய்யும். விற்கவும் முடியாமல், வருமானமும் வராமல் அந்த 2% பீரோவிலேயே கிடக்கலாம்.

நிழல் பங்கு எப்படி வேலை செய்கிறது?

இங்கேதான் 'ஃபேன்டம் ஸ்டாக்' வருகிறது. இது பங்கு அல்ல; பங்கின் மதிப்பு உயர்ந்தால் அந்த உயர்வைப் பணமாகத் தருகிறோம் என்ற ஒப்பந்தம். ஓட்டுரிமையும் இல்லை, உறுப்பினர் பதிவேட்டில் பெயரும் இல்லை.

கணக்கு இப்படி. மூன்று வருட சராசரி இயக்க லாபத்தை, அதாவது வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபத்தை, நான்கால் பெருக்கி, கடனைக் கழித்தால் நிறுவனத்தின் மதிப்பு என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்கிறார்கள். இன்று சராசரி லாபம் ரூ.1.5 கோடி, கடன் ரூ.1 கோடி. மதிப்பு ரூ.5 கோடி. அதை 10,000 யூனிட்டாகப் பிரித்தால் ஒரு யூனிட் ரூ.5,000. மேனேஜருக்கு 200 யூனிட்.

நான்கு வருடம் கழித்து சராசரி லாபம் ரூ.2.5 கோடி, கடன் அதே ரூ.1 கோடி. மதிப்பு ரூ.9 கோடி, யூனிட் ரூ.9,000. உயர்வு ரூ.4,000 வீதம் 200 யூனிட்டுக்கு ரூ.8 லட்சம். இது சம்பளமாகவே கருதப்பட்டு வரி பிடிக்கப்படும். 30% வரி வரம்பில் இருப்பவர் கையில் சுமார் ரூ.5.5 லட்சம் நிற்கும்.

ஓட்டை எங்கே?

அந்த நான்காவது வருடத்தில் குடும்பம் நிறுவனத்தின் பெயரில் ரூ.2 கோடி கடன் வாங்கி ஒரு இடம் வாங்குகிறது என்று வைப்போம். கடன் ரூ.3 கோடி ஆகிவிட்டது. இடமோ லாபக் கணக்கில் வராது. மதிப்பு ரூ.7 கோடிக்கு இறங்கி, மேனேஜரின் ரூ.8 லட்சம் ரூ.4 லட்சமாகிறது. யாரும் ஏமாற்றவில்லை, ஃபார்முலா அப்படி.

இன்னொன்று, வேலைக்கே வராத உறவினருக்கு மூன்று வருடமும் ஆண்டுக்கு ரூ.25 லட்சம் சம்பளம் எழுதினால், நான்கால் பெருக்கும்போது மதிப்பில் ரூ.1 கோடி குறையும். மேனேஜருக்கு ரூ.2 லட்சம் நஷ்டம். அப்பா பெயரில் உள்ள ஷெட்டுக்கு வாடகையை ஏற்றினாலும் இதே கதைதான்.

லாபப் பங்கு போதாதா?

வருடா வருடம் லாபத்தில் ஒரு பகுதி தருவது இதைவிட எளிது. ரூ.1.5 கோடிக்கு மேல் வரும் லாபத்தில் 3% என்று பேசினால், ரூ.2.5 கோடி லாபம் வந்த வருடம் ரூ.3 லட்சம் கைக்கு வந்துவிடும். நான்கு வருடம் காத்திருக்க வேண்டாம். ஆனால் இந்த வருட லாபம் மட்டுமே கணக்கு என்றால், மெஷின் சர்வீஸைத் தள்ளிப்போட்டு லாபத்தைக் காட்டும் ஆசை மேனேஜருக்கே வரும். மூன்று வருட சராசரி அந்த ஆசையைக் கொஞ்சம் அடக்கும்.

எனவே ஷாப் ஃப்ளோர் சூப்பர்வைசர்களுக்கு லாபப் பங்கு, நிறுவனத்தையே வளர்க்கும் ஓரிருவருக்கு நிழல் பங்கு என்பதே சிறு குடும்ப நிறுவனத்துக்குப் பொருத்தம். உண்மையான பங்கு கேட்டு அடம்பிடிப்பதைவிட, 'லாபம்' என்றால் என்ன என்று அடம்பிடிப்பது மேனேஜருக்கு நல்லது. குடும்பத்தினர் சம்பளத்துக்கும் வாடகைக்கும் உச்சவரம்பு, இடம் வாங்கிய கடனைக் கழிக்கக் கூடாது என்ற வரி, நடுவில் வேலையை விட்டால் எவ்வளவு, பணம் எத்தனை தவணையில் என்ற நான்கும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

ஒரு எல்லை மட்டும் மாறாது. நிறுவனம் நொடித்துப்போனால் அடமானம் வைத்திருக்கும் வங்கிக்குப் பிறகுதான் இந்தப் பணத்துக்கு இடம். அதனால் ஒவ்வொரு மார்ச் முடிவிலும் இந்தத் தொகையை நிறுவனம் தன் கணக்கில் கடன்பாடாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். காட்டவில்லை என்றால், அந்தப் பணத்தைத் தர யாரும் இன்னும் ஏற்பாடு செய்யவில்லை என்று அர்த்தம்.